கிரிப்டோ வரி: கையில் நட்டம் இருந்தாலும் வரி வருவது எப்படி, அதற்கு என்னென்ன கணக்கு வைக்க வேண்டும்

"பிட்காயினில் கொஞ்சம் சம்பாதித்தேன், ஈதரில் அதைவிட அதிகமாக விட்டேன். கூட்டிக் கழித்தால் நட்டம்தான். அப்புறம் எதற்கு சார் வரி?" ரிட்டர்ன் போடும் மாதங்களில் ஆடிட்டர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர் சொல்வதில் பொய் இல்லை. அவர் கையைவிட்டுப் பணம் போயிருக்கிறது. ஆனாலும் இந்தியச் சட்டப்படி அவர் வரி கட்ட வேண்டும். ஏன் என்பது புரிந்துவிட்டால், எந்தெந்தத் தாள்களைச் சேர்த்து வைக்க வேண்டும் என்பதும் தானாகப் புரியும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது இந்தியாவில் வசிக்கும், சம்பளம் வாங்கும், அவ்வப்போது காயின் வாங்கி விற்கும் ஒரு தனிநபரின் கணக்கு. காலம், 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரையிலான நிதியாண்டு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டாலும், இந்த ஆண்டின் வருமானத்துக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம்தான் பொருந்தும். பிரிவு எண்களையும் அதிலிருந்தே சொல்கிறேன்.

ஒவ்வொரு விற்பனையும் தனித் தீவு

2022ஆம் ஆண்டு பட்ஜெட்டில் வந்தது 115BBH என்ற பிரிவு. கிரிப்டோ காயின், என்எஃப்டி போன்றவற்றுக்குச் சட்டம் வைத்த பெயர் மெய்நிகர் டிஜிட்டல் சொத்து. அதை விற்று வரும் லாபத்துக்கு 30 சதவீதம் வரி. அதன்மேல் 4 சதவீதம் செஸ். ஆக 31.2 சதவீதம். மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் சர்சார்ஜும் சேரும். ஒரு நாள் வைத்திருந்து விற்றாலும் ஐந்து ஆண்டு வைத்திருந்து விற்றாலும் விகிதம் ஒன்றுதான். பங்குகளுக்கு இருப்பதுபோல் குறுகிய காலம், நீண்ட காலம் என்ற பாகுபாடு இதில் கிடையாது.

விகிதத்தைவிடக் கடுமையானது அடுத்து வரும் இரண்டு தடைகள். முதல் தடை, வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. விற்கும்போது எக்ஸ்சேஞ்ச் எடுக்கும் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, இணையச் செலவு, மைனிங் செய்பவரின் கரண்ட் பில், எதுவும் கழியாது. வாங்கும்போது கொடுத்த கட்டணத்தை வாங்கிய விலையோடு சேர்க்கலாமா என்பதில் ஆடிட்டர்களிடையே இரண்டு கருத்து உண்டு. சிறிய தொகைக்காக வம்பு வேண்டாம் என்பவர்கள் சேர்ப்பதில்லை. நானும் அந்தக் கட்சிதான்.

இரண்டாவது தடை நட்டத்தைப் பற்றியது. ஒரு காயினை விற்று வந்த நட்டத்தை சம்பளத்தோடோ, வீட்டு வாடகையோடோ, பங்குச் சந்தை லாபத்தோடோ கழிக்க முடியாது. இதைப் பலரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அந்த நட்டத்தை இன்னொரு காயினின் லாபத்தோடும் கழிக்க முடியாது என்பதைத்தான் நம்ப மறுக்கிறார்கள். அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் வழியில்லை. மசோதாவில் முதலில் "இந்தச் சட்டத்தின் வேறு எந்தப் பிரிவின் கீழும்" கழிக்க முடியாது என்றுதான் இருந்தது. நிறைவேறும் முன் அதிலிருந்து "வேறு" என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். அதோடு காயினுக்குக் காயின் கழிக்கலாம் என்று வாதாட இருந்த சந்தும் அடைபட்டது.

ஆகவே ஆண்டு முடிவில் மொத்த லாப நட்டம் என்ற ஒற்றை எண்ணுக்கு இங்கே மதிப்பில்லை. லாபம் வந்த விற்பனைகள் எல்லாம் வரிக்குள் வரும், நட்டம் வந்தவை பூஜ்யமாகிவிடும். எக்ஸ்சேஞ்ச் செயலி காட்டும் போர்ட்ஃபோலியோ படத்தை வைத்து ரிட்டர்ன் போட முடியாததற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உலவுகிறது. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்று கேள்விப்பட்டவர்கள், கிரிப்டோ லாபமும் அதற்குள் அடங்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சலுகை 87A பிரிவின் தள்ளுபடி. சாதாரண விகிதத்தில் வரி வரும் வருமானத்துக்குத்தான் அது. 30 சதவீதத் தனி விகிதத்தில் வரும் கிரிப்டோ வரியை அது தொடாது. அடிப்படை விலக்கு வரம்பும் அப்படியே. வேறு வருமானமே இல்லாத கல்லூரி மாணவர் ஆயிரம் ரூபாய் லாபம் பார்த்தாலும் 312 ரூபாய் வரி உண்டு.

எது விற்பனை, எது இல்லை

காயினைக் கொடுத்து ரூபாய் வாங்குவது விற்பனை. ஒரு காயினைக் கொடுத்து இன்னொரு காயின் வாங்குவதும் விற்பனையே. கையில் ரூபாய் வரவில்லையே என்ற சமாதானம் செல்லாது. கொடுத்த காயினுக்கு அந்த நேரத்தில் என்ன ரூபாய் மதிப்போ அதுதான் விற்ற விலை. யுஎஸ்டிடி டாலரோடு கட்டியது, விலை ஏறி இறங்காது என்பதால் அதை வெறும் பணம் என்று கருதுபவர்கள் உண்டு. சட்டத்தின் கண்ணில் அதுவும் ஒரு காயின்தான். பிட்காயினை யுஎஸ்டிடி ஆக்குவது ஒரு விற்பனை, யுஎஸ்டிடியை ரூபாய் ஆக்குவது இன்னொரு விற்பனை.

உங்கள் எக்ஸ்சேஞ்ச் கணக்கிலிருந்து உங்கள் சொந்த வாலெட்டுக்கு மாற்றுவது விற்பனை இல்லை. உடைமை கைமாறவில்லை. ஆனால் அந்த மாற்றத்துக்கு நெட்வொர்க் கட்டணமாக ஈதர் கொடுத்தீர்கள் என்றால், அந்தச் சிறு அளவு ஈதர் உங்கள் கையைவிட்டுப் போயிருக்கிறது. தொகை அற்பமாக இருக்கும். குறித்து மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பின்னால் இருப்புக் கணக்கு ஒத்துவராது.

திருடுபோன காயின் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்ச் ஹேக் செய்யப்பட்டு 23 கோடி டாலர் அளவுக்குக் காயின்கள் போயின. அதில் சிக்கியவர்கள் பலர் அந்த நட்டத்தை ரிட்டர்னில் காட்டலாமா என்று கேட்டார்கள். விற்பனையே நடக்காததால் ரிட்டர்னில் கிரிப்டோ விற்பனைகளைக் காட்டும் அட்டவணையில் அதற்கு இடமில்லை. நடந்திருந்தாலும் நட்டம் எதனோடும் கழியாது. இதே விவகாரத்தில் சென்னையைச் சேர்ந்த ஒரு முதலீட்டாளர் தொடுத்த வழக்கில், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோ என்பது சட்டப்படி ஒரு சொத்து, அதை நம்பிக்கைப் பொறுப்பில் பிறருக்காக வைத்திருக்க முடியும் என்று கூறியது. வரிக் கணக்கை இது மாற்றவில்லை. ஆனால் "இது என் சொத்து" என்று நீதிமன்றத்தில் நிற்பவருக்குத் தன் பெயரில் இருந்த அளவைக் காட்டும் தாள்கள் எவ்வளவு தேவை என்பதற்கு அந்த வழக்கே சாட்சி.

டிடிஎஸ்: துறைக்கு உங்களைக் காட்டிக்கொடுக்கும் ஒரு சதவீதம்

2022 ஜூலை 1 முதல் ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீதம் பிடிக்கிறார்கள். பிரிவு 194S. லாபத்தில் இல்லை, விற்ற முழுத் தொகையில். நட்டத்துக்கு விற்றாலும் பிடிப்பு உண்டு. இந்திய எக்ஸ்சேஞ்ச் என்றால் அவர்களே பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்டிவிடுவார்கள். அது உங்கள் வரியில் கழியும். அதிகமாக இருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறலாம்.

இந்த ஒரு சதவீதத்தால் அரசுக்கு வரும் பணத்தைவிட, வரும் தகவல்தான் பெரிது. நீங்கள் விற்ற ஒவ்வொரு முறையும் உங்கள் பான் எண்ணின்கீழ் ஒரு பதிவு விழுகிறது. ரிட்டர்னில் கிரிப்டோவைக் காட்டாமல் விட்டவர்களுக்கு 2025இல் துறை மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் அனுப்பியதற்கு அடிப்படையும் இத்தகைய பதிவுகளே.

வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சிலோ, நேரடியாக ஆளுக்கு ஆள் நடக்கும் பி2பி விற்பனையிலோ பெரும்பாலும் யாரும் தானாகப் பிடிப்பதில்லை. நடுவில் பிடிக்கும் எக்ஸ்சேஞ்ச் இல்லாத இடத்தில் பொறுப்பு வாங்குபவருடையது. சம்பளக்காரர் ஒருவர் ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் அப்படி வாங்கினால், விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவீதத்தைப் பிடித்து, அந்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் `Form 26QE` வழியாகக் கட்ட வேண்டும். நடைமுறையில் யார் இதைச் செய்கிறார்கள் என்று கேட்டால் மிகச் சிலரே என்பதுதான் பதில். ஆனால் விதி இருக்கிறது.

ஏட்டை எப்படி எழுதுவது

ஒவ்வொரு விற்பனையையும் தனியாகக் காட்ட வேண்டும் என்பதால், பதிவேட்டிலும் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனி வரிசை வேண்டும். எக்செல் அல்லது கூகுள் ஷீட் போதும். தலைப்புகள் இப்படி இருந்தால் பின்னால் எதையும் தேட வேண்டியிருக்காது:

```
தேதி-நேரம் (IST) | எக்ஸ்சேஞ்ச் | ஆர்டர் எண் | வகை | காயின் | அளவு |
ரூபாய் மதிப்பு | கட்டணம் | டிடிஎஸ் | வாலெட் / hash | குறிப்பு
```

'வகை' என்ற இடத்தில் வாங்கியது, விற்றது, மாற்றியது, சொந்த வாலெட்டுக்கு அனுப்பியது, பரிசு, இலவசமாக வந்து விழும் ஏர்டிராப், காயினைப் பூட்டி வைத்து ஈட்டும் ஸ்டேக்கிங் வரவு என்று ஏதாவது ஒன்று வரும். ரூபாய் மதிப்பு என்ற இடம்தான் பின்னாளில் நிரப்ப முடியாத இடம். காயினுக்குக் காயின் மாற்றிய அன்றே, அந்த நிமிட விலையைக் குறித்துவிடுங்கள். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் என்றால் யுஎஸ்டிடி விலையை ரூபாய் ஆக்க வேண்டியிருக்கும். இந்தியாவில் யுஎஸ்டிடி பெரும்பாலும் டாலரின் வங்கி விகிதத்தைவிடக் கூடுதலாக விலைபோகும். எந்த விகிதத்தை எடுப்பது என்று முதலிலேயே ஒரு முடிவுக்கு வந்து, எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் எழுதி, ஆண்டு முழுக்க அதையே பின்பற்றுங்கள். வாங்கும்போது ஒன்று, விற்கும்போது ஒன்று என்று வசதிக்கேற்ப மாற்றுவதுதான் கேள்வியைக் கிளப்பும்.

நேரத்தை ஏன் ஐஎஸ்டி என்று அழுத்திச் சொல்கிறேன் என்றால், பல எக்ஸ்சேஞ்சுகளின் சிஎஸ்வி கோப்பு யுடிசி நேரத்தில் வருகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. கோப்பில் மார்ச் 31, 18:45 என்று இருந்தால் நமக்கு அது ஏப்ரல் 1 அதிகாலை 12:15. நிதியாண்டே மாறிவிடும். ஷீட்டில் `=A2+TIME(5,30,0)` என்று ஒரு தனி நெடுவரிசையில் போட்டால் சரியாகிவிடும். மூலக் கோப்பைத் தொடாமல் அப்படியே வைத்திருங்கள்.

ஒரே காயினை வெவ்வேறு விலையில் பல முறை வாங்கி, அதில் ஒரு பகுதியை விற்றால் எந்த வாங்கலின் விலையை எடுப்பது? 115BBH இதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முதலில் வாங்கியது முதலில் விற்றதாகக் கொள்வதுதான் பெரும்பாலோர் செய்வது. எக்ஸ்சேஞ்சுகள் தரும் வரி அறிக்கைகளும் பெரும்பாலும் அப்படியே. அதையே எடுத்து, ஆண்டுக்கு ஆண்டு மாற்றாமல் இருங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் பெண் ஒருவர். ஆண்டுச் சம்பளம் ஏழரை லட்சம். புதிய வரி முறை. இந்த ஆண்டில் அவருடைய காயின் பரிமாற்றங்கள் ஆறே ஆறு என்று வைத்துக்கொள்வோம். கட்டணங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

2025 மே 10 அன்று 0.01 பிட்காயினை 88,000 ரூபாய்க்கு வாங்கினார். ஜூலை 10 அன்று மேலும் 0.01 பிட்காயின், 97,000 ரூபாய். ஆகஸ்ட் 22 அன்று 0.2 ஈதர், 84,000 ரூபாய்.

அக்டோபர் 6 அன்று பிட்காயின் நல்ல விலையில் இருந்தது. 0.01ஐ 1,10,000 ரூபாய்க்கு விற்றார். முதலில் வாங்கியது முதலில் போகும் என்பதால் இதன் வாங்கிய விலை மே மாதத்து 88,000. லாபம் 22,000. டிடிஎஸ் 1,100.

அதே நாளில் இன்னொரு 0.005 பிட்காயினைக் கொடுத்து சொலானா வாங்கினார். அந்த 0.005இன் மதிப்பு அப்போது 55,000 ரூபாய். வாங்கிய விலை ஜூலை மாதத்து 97,000இல் பாதி, அதாவது 48,500. லாபம் 6,500. டிடிஎஸ் 550. அந்த 550 போக, அவர் வாலெட்டில் விழுந்த சொலானாவின் மதிப்பு 54,450. நாளைக்கு அந்தச் சொலானாவை விற்கும்போது இதுதான் அதன் வாங்கிய விலை. இன்றே குறிக்காவிட்டால் அன்று கையில் எண் இருக்காது.

நவம்பர் 21. சந்தை விழுந்திருந்தது. பயந்துபோய் 0.2 ஈதரையும் 49,000 ரூபாய்க்கு விற்றார். நட்டம் 35,000. டிடிஎஸ் 490.

அவர் மனக்கணக்கில் லாபம் 28,500, நட்டம் 35,000, ஆக 6,500 ரூபாய் நட்டம். சட்டத்தின் கணக்கில் லாபம் 28,500. நட்டம் இல்லவே இல்லை. 28,500க்கு 30 சதவீதம் 8,550. அதில் 4 சதவீத செஸ் 342. மொத்தம் 8,892 ரூபாய். ஏற்கெனவே பிடித்த 1,100, 550, 490 மூன்றையும் சேர்த்து 2,140 கழித்தால், இன்னும் கட்ட வேண்டியது 6,752 ரூபாய். சம்பளத்துக்கு நிலையான கழிவு 75,000 போக மீதி 6,75,000. அதற்கான வரி தள்ளுபடியில் பூஜ்யமாகிவிடும். கிரிப்டோவுக்கான 8,892 மட்டும் அப்படியே நிற்கும்.

ஈதரை அவர் விற்காமல் வைத்திருந்தால் வரி மாறியிருக்குமா? ஒரு ரூபாய்கூட மாறியிருக்காது. பங்குகளில் மார்ச் மாதம் நட்டப் பங்குகளை விற்று லாப வரியைக் குறைப்பார்களே, அந்த உத்தி கிரிப்டோவில் செத்துவிட்டது. மார்ச் கடைசியில் "டேக்ஸுக்காக விற்றேன்" என்பவர் டிடிஎஸ்ஸும் கட்டணமும் கொடுத்ததுதான் மிச்சம்.

ரிட்டர்னில் எங்கே, எப்படி

`ITR-1`, `ITR-4` இரண்டிலும் கிரிப்டோவுக்கு இடமில்லை. சம்பளக்காரர் முதலீடாகக் கருதி விற்றிருந்தால் `ITR-2`. தொழிலாகவே செய்பவர் `ITR-3`. இரண்டிலும் `Schedule VDA` என்ற அட்டவணை இருக்கிறது. அதில் ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு வரிசை. வாங்கிய தேதி, விற்ற தேதி, எந்தத் தலைப்பில் வரி, வாங்கிய விலை, கிடைத்த தொகை, வருமானம். கடைசிக் கட்டத்தில் நட்டம் என்றால் பூஜ்யம் போடச் சொல்கிறது படிவம்.

நம் கோவைப் பெண்ணுக்கு மூன்று வரிசைகள். பிட்காயின் ரூபாய்க்கு விற்றது 22,000, பிட்காயின் மாற்றியது 6,500, ஈதர் பூஜ்யம். நட்ட வரிசையை எழுதி என்ன பயன் என்று விட்டுவிடாதீர்கள். துறையிடம் அந்த 49,000 ரூபாய் விற்பனை பதிவாகியிருக்கிறது. உங்கள் ரிட்டர்னில் அது இல்லையென்றால், முழு 49,000மும் மறைத்த வருமானம்போலத் தெரியும்.

ஒரு விற்பனையின் அளவு இரண்டு வாங்கல்களில் பரவியிருந்தால் அதை இரண்டு வரிசைகளாகப் பிரித்து எழுதலாம். வாங்கிய தேதி இரண்டுக்கும் வேறு என்பதால் அதுவே சுத்தம். அப்படிப் பிரிக்கும்போது ஒரு பாதி லாபமாகவும் மறுபாதி நட்டமாகவும் வந்தால், லாபப் பாதிக்கு வரி வரும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூலதன ஆதாயத்துக்கான `Schedule CG`யில் லாபம் எந்தக் காலாண்டில் வந்தது என்று கேட்கும் இடம் உண்டு. தேதிகள் சரியாக இருந்தால் அது எளிது. பிடித்த டிடிஎஸ்ஸை `Schedule TDS`இல் சேர்க்க மறந்தால் 2,140 ரூபாய் வீணாகும். மீதி 6,752ஐ வருமான வரித் தளத்தில் `e-Pay Tax` வழியாக, `Self Assessment Tax (300)` என்பதைத் தேர்ந்து, மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்று போட்டுக் கட்டி, சலான் எண்ணை ரிட்டர்னில் ஏற்ற வேண்டும்.

டிடிஎஸ் போக மீதி வரி 10,000 ரூபாயைத் தொட்டாலோ தாண்டினாலோ முன்கூட்டியே தவணையில் கட்ட வேண்டும். ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. இல்லையென்றால் 234B, 234C பிரிவுகளில் வட்டி. நம் உதாரணத்தில் அந்தத் தொல்லை இல்லை.

சமர்ப்பிக்கும் முன் ஒரு பெருக்கல்

வருமான வரித் தளத்தில், துறை உங்களைப் பற்றித் திரட்டிய தகவல்கள் அடங்கிய அறிக்கையான `AIS`ஐத் திறந்து 194S பிரிவில் பிடித்த டிடிஎஸ் மொத்தத்தைப் பாருங்கள். அதை நூறால் பெருக்குங்கள். உங்கள் `Schedule VDA`வில் கிடைத்த தொகை என்ற நெடுவரிசையின் மொத்தம் அதற்கு ஏறத்தாழ ஒத்துவர வேண்டும். நம் கணக்கில் 2,140ஐ நூறால் பெருக்கினால் 2,14,000. விற்ற தொகைகள் 1,10,000, 55,000, 49,000. கூட்டினால் அதே 2,14,000.

உங்கள் எண் குறைவாக இருந்தால் ஏதோ ஒரு விற்பனை ஏட்டில் ஏறவில்லை. பெரும்பாலும் அது காயினுக்குக் காயின் மாற்றியதாக இருக்கும், அல்லது எப்போதோ திறந்து மறந்துபோன இரண்டாவது எக்ஸ்சேஞ்ச் கணக்காக இருக்கும். உங்கள் எண் அதிகமாக இருந்தால் வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச், பி2பி போன்ற டிடிஎஸ் பிடிக்காத விற்பனைகள் உள்ளே இருக்கின்றன. அது தவறில்லை, காரணம் தெரிந்தால் போதும். `AIS`இல் உங்களுடையது அல்லாத தொகை இருந்தால் அங்கேயே `Feedback` பொத்தானில் மறுப்புத் தெரிவிக்கலாம்.

இரண்டாவது சோதனை இருப்பைப் பற்றியது. ஒவ்வொரு காயினுக்கும் தொடக்க இருப்பு, வாங்கியது, விற்றது, கட்டணமாகப் போனது எல்லாம் போட்டு, மார்ச் 31 நள்ளிரவு இருப்பு வாலெட்டில் உள்ளதோடு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். நம் பெண்ணிடம் 0.005 பிட்காயினும் சொலானாவும் இருக்க வேண்டும், ஈதர் இருக்கக் கூடாது.

ஒரு எக்ஸ்சேஞ்சில் வாங்கி, சொந்த வாலெட்டுக்கு மாற்றி, வேறு எக்ஸ்சேஞ்சில் விற்றவர்களுக்குத்தான் பெரிய தலைவலி. விற்ற இடத்தில் வாங்கிய விலை பதிவே இருக்காது. அவர்கள் தரும் வரி அறிக்கையில் வாங்கிய விலை பூஜ்யம் என்று போட்டு, முழுத் தொகையும் லாபமாகத் தெரியும். அறிக்கையில் ஏதாவது வரிசையில் வாங்கிய விலை பூஜ்யமாக இருந்தால் அதை நம்பி ரிட்டர்ன் போடாதீர்கள். வாங்கிய ரசீதையும், இரண்டு பரிமாற்றங்களின் அடையாளமான ஹாஷ் எண்களையும் இணைத்துக் காட்டினால்தான் அது அதே காயின் என்று நிரூபிக்க முடியும்.

வாங்காமல் வந்த காயின்கள்

ஸ்டேக்கிங்கிலோ ஏர்டிராப்பிலோ வந்த காயினுக்குத் தெளிவான தனி விதி எழுதப்படவில்லை. நடைமுறையில், வந்த அன்றைய ரூபாய் மதிப்பை மற்ற வருமானமாகக் காட்டி உங்கள் வரி அடுக்கின்படி வரி கட்டுகிறார்கள். பிறகு விற்கும்போது அதே மதிப்பை வாங்கிய விலையாக எடுக்கிறார்கள். இதற்கும் அன்றைய விலைக் குறிப்பு வேண்டும். தினமும் பைசா பைசாவாக ஸ்டேக்கிங் வரவு வருபவர்கள் மாதக் கடைசியில் சிஎஸ்வியை இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

உறவினர் தந்த பரிசுக்கு வாங்குபவர் வரி கட்ட வேண்டாம். ஆனால் பிறகு விற்கும்போது கொடுத்தவர் வாங்கிய விலைதான் கணக்கு. அப்பா 2020இல் வாங்கிய காயினை மகளுக்குக் கொடுத்தால், அப்பாவின் 2020 ரசீதும் மகளின் கோப்பில் இருக்க வேண்டும். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் பெற்றால் அந்த மதிப்பு முழுவதும் பெற்றவரின் வருமானம்.

ஃபியூச்சர்ஸ் வேறு கதை. காயின் கைமாறாமல் விலை வித்தியாசம் மட்டும் ரூபாயில் தீர்க்கப்படுவதால், அதைத் தொழில் வருமானமாகக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். இதில் கருத்து இன்னும் ஒன்றுபடவில்லை. தனித் தாளில் வைத்து, ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். சாதாரண விற்பனையோடு கலக்காதீர்கள்.

எதை, எவ்வளவு காலம் வைத்திருப்பது

எக்ஸ்சேஞ்சின் முழுப் பரிமாற்ற வரலாறு சிஎஸ்வி, அவர்கள் தரும் டிடிஎஸ் சான்றிதழ், பணம் போய்வந்த வங்கிக் கணக்கின் பக்கங்கள், வாலெட் முகவரிகள், ஹாஷ் எண்கள். இவ்வளவுதான். எக்ஸ்சேஞ்ச் வைத்திருக்குமே என்று இருந்துவிட வேண்டாம். 2023 டிசம்பரில் நிதி உளவுப் பிரிவு ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. 2024 ஜனவரியில் அவற்றின் தளங்களும் செயலிகளும் இங்கே முடக்கப்பட்டன. உள்ளே நுழைய முடியாதவர்கள் தங்கள் சொந்த வரலாற்றையே எடுக்க முடியாமல் தவித்தார்கள். காலாண்டுக்கு ஒரு முறை இறக்கி, கணினியிலும் வேறு ஓர் இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பி2பியில் விற்பவர்கள் ஆர்டர் எண், எதிராளியின் சரிபார்க்கப்பட்ட பெயர், யுபிஐ எண், உரையாடலின் படம் எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும். மோசடிப் பணம் பல கை மாறி உங்கள் கணக்குக்கு வந்துவிட்டால், எங்கோ ஒரு மாநிலத்து சைபர் போலீஸ் உங்கள் வங்கிக் கணக்கை முடக்கலாம். அப்போது அந்தப் பணம் எதற்காக வந்தது என்று காட்ட இவைதான் உண்டு. வரிக்காக வைத்த கோப்பு இங்கே வேறு வேலைக்கும் உதவும்.

வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சில் காயின் வைத்திருக்கும் இந்தியவாசிகள் வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டும் `Schedule FA`வையும் நிரப்புவது பாதுகாப்பானது. அதற்கு நிதியாண்டு இல்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான நாள்காட்டி ஆண்டு. அதனால் டிசம்பர் 31 இருப்பையும் தனியே குறிக்க வேண்டும்.

காலம் என்று பார்த்தால், மறைத்த வருமானம் 50 லட்சமோ அதற்கு மேலோ என்று துறை கருதினால், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்தேகால் ஆண்டுவரை பழைய கணக்கைத் திறக்க நோட்டீஸ் அனுப்பலாம். அதற்குக் குறைவு என்றால் மூன்றேகால் ஆண்டு. இந்தக் கணக்கு விற்ற ஆண்டிலிருந்து ஓடத் தொடங்குகிறது. 2021இல் வாங்கி 2030 மே மாதம் விற்றால், 2021 ரசீது 2037 ஜூன் வரை உயிரோடு இருக்க வேண்டும்.

முந்தைய ஆண்டுகளில் நட்டத்தைக் கழித்துப் போட்டவர்கள்

லாபத்தில் நட்டத்தைக் கழித்துவிட்டோ, எதையும் காட்டாமலோ ரிட்டர்ன் போட்டவர்கள் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. `ITR-U` என்ற திருத்தப் படிவம் இருக்கிறது. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம்வரை போடலாம். வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின்மேல் கூடுதலாக முதல் 12 மாதத்துக்குள் 25 சதவீதம், 24க்குள் 50, 36க்குள் 60, 48க்குள் 70 சதவீதம் கட்ட வேண்டும். 2022-23 நிதியாண்டுக் கணக்குக்கு இந்தக் கதவு 2028 மார்ச் 31 அன்று மூடும். வரி கூடுவதற்கு மட்டும்தான் இந்தப் படிவம். விட்டுப்போன டிடிஎஸ்ஸைத் திரும்பப் பெற இதைப் பயன்படுத்த முடியாது.